வாய்த்தகராறை எழுதிவைப்பது

ஷிப்ட் முறையில் ஓடும் எந்த ஆலையிலும் இன்சார்ஜ் மேசையில் ஒரு லாக் புக் இருக்கும். எந்த மெஷின் எத்தனை மணிக்கு நின்றது, எந்த பெல்ட் அறுந்தது, யார் வந்து சரிசெய்தார் என்றெல்லாம் அதில் எழுதியிருப்பார்கள். அந்த எழுத்தில் பெரும்பாலும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அதே மனிதர், இரண்டு ஊழியர்கள் வாய்த்தகராறு செய்துகொண்டதை எழுத உட்கார்ந்தால் எழுத்தே வேறாகிவிடும். ‘தேவையில்லாமல்’, ‘வழக்கம்போல’, ‘ஆக்ரோஷமாக’ என்று சொற்கள் தாமாக வந்து உட்கார்ந்துகொள்ளும். மெஷினைப் பற்றி எழுதும்போது வராத இந்தச் சொற்கள் மனிதரைப் பற்றி எழுதும்போது ஏன் வருகின்றன, அவை வராமல் எப்படி எழுதுவது என்பதை நாம் நிதானமாகப் பார்ப்போம்.

பேச்சுக்கு ஒரு நிகழ்வை வைத்துக்கொள்வோம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலை. மதியம் 2 மணிக்கு ஷிப்ட் மாறுகிறது. கோன் பேக்கிங்கில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் லேபிள் ரோல் வாங்க ஸ்டோருக்கு வருகிறார். 3 மணிக்கு லாரி ஏற்ற வேண்டும். அவர் கொண்டுவந்த இன்டென்ட் சீட்டில் சூப்பர்வைசர் கையெழுத்து இல்லை. ஸ்டோரில் இருப்பவர் வயதில் மூத்தவர்; கையெழுத்து இல்லாமல் பொருள் தர முடியாது என்கிறார். பேச்சு தடிக்கிறது. சத்தம் கேட்டு ஷிப்ட் இன்சார்ஜ் ஓடிவந்து இருவரையும் விலக்குகிறார். அன்று மாலை அவர் எழுதிக் கொடுத்தது இப்படி இருக்கிறது:

“இன்று மதியம் ஷிப்ட் மாறும் நேரத்தில் பேக்கிங் ஊழியர் வழக்கம்போல் ஸ்டோருக்கு வந்து தேவையில்லாமல் தகராறு செய்தார். ஸ்டோர் ஊழியரும் பொறுமையிழந்து தகாத வார்த்தைகளால் திட்டினார். இருவரும் ஆக்ரோஷமாகக் கத்திச் சண்டையிட்டு வேலையைக் கெடுத்தனர். நான் தலையிட்டுச் சமாதானம் செய்துவைத்தேன்.”

இதை எழுதியவர் நல்ல மனிதர். யாரையும் மாட்டிவிட வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. இருந்தாலும் இந்த நான்கு வாக்கியங்களில் என்ன நடந்தது என்பது கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நடந்ததைப் பற்றி அவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பது மட்டும்தான் இருக்கிறது.

இந்தத் தாளை யார் படிக்கப்போகிறார்கள் என்று முதலில் யோசிப்போம். நாளைக்கு ஹெச்.ஆர். படிப்பார். விளக்கம் கேட்டு மெமோ கொடுப்பதா, கூப்பிட்டுப் பேசி விட்டுவிடுவதா என்று அவர் முடிவுசெய்ய வேண்டும். விஷயம் வளர்ந்தால் சார்ஜ் ஷீட், அதன்பின் உள்விசாரணை. அங்கே விசாரணை அதிகாரி படிப்பார். சம்பந்தப்பட்ட இருவரும் படிப்பார்கள். அவர்கள் மேல் பயன்படுத்தும் ஆவணத்தைக் கேட்டுப் பெறவும், எழுதியவரையே குறுக்கு விசாரணை செய்யவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அதையும் தாண்டினால் தொழிலாளர் நீதிமன்றம். அது இரண்டு மூன்று வருடம் கழித்துக்கூட வரலாம். அப்போது இன்சார்ஜிடம் “ஆக்ரோஷமாக என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் என்ன செய்தார்?” என்று கேட்பார்கள். அன்றைக்கு அவருக்கு என்ன நினைவிருக்கும்? தாளில் இருக்கும் ‘ஆக்ரோஷமாக’ என்ற சொல் மட்டும்தான் நினைவிருக்கும்.

முதல் தாளின் வேலை அவ்வளவு சிறியது. பின்னால் முடிவெடுக்கப் போகிறவர்களுக்குக் கண்ணும் காதும் சேகரித்ததை அப்படியே எடுத்துவைத்தால் போதும். தையல்காரரின் அளவு நோட்டை நினைத்துப் பாருங்கள். அவர் இடுப்பு 38 என்று எழுதுவாரே தவிர, ‘குண்டானவர்’ என்று எழுதமாட்டார். ‘குண்டானவர்’ என்ற குறிப்பை வைத்துக்கொண்டு எந்தத் தையல்காரராலும் துணி வெட்ட முடியாது. 38 என்றிருந்தால் வேறு ஒருவர்கூட வெட்டலாம். ‘ஆக்ரோஷமானவர்’, ‘வம்புக்காரர்’, ‘மரியாதை தெரியாதவர்’ எல்லாம் குண்டானவர் வகை.

மனிதர் மேல் குத்தும் இந்த முத்திரையை அளவாக மாற்றுவது எப்படி? அந்தச் சொல்லை எழுத வைத்தது எது என்று நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும். எதைப் பார்த்து ‘ஆக்ரோஷம்’ என்று நினைத்தோம்? பேக்கிங் ஊழியர் கவுன்ட்டர் பலகையில் வலது உள்ளங்கையால் இரண்டு முறை தட்டினார். ஸ்டோர் ஊழியர் ஆட்காட்டி விரலை நீட்டிப் பேசினார். எதைக் கேட்டு ‘கத்தினார்’ என்று நினைத்தோம்? வைண்டிங் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தபோதும் சுமார் பதினைந்து அடி தள்ளிப் பேக்கிங் மேசையில் நின்ற என் காதில் இருவர் குரலும் விழுந்தன. இதைத்தான் எழுத வேண்டும். படிக்கிறவர் அதை ஆக்ரோஷம் என்று நினைத்தால் நினைக்கட்டும், இல்லையென்றால் விடட்டும். அது அவர் வேலை.

ஒரு முத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் உயிரே அடங்கியிருக்கலாம். ‘குடித்திருந்தார்’ என்று நம் ஆட்கள் மிகச் சுலபமாக எழுதிவிடுகிறார்கள். சர்க்கரை நோய்க்கு மருந்தோ ஊசியோ எடுப்பவருக்கு ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் பேச்சு குழறும், நடை தள்ளாடும், எரிச்சல் வரும், வியர்க்கும். பார்ப்பவர் கண்ணுக்கு அது குடித்தவர் மாதிரியேதான் தெரியும். ‘பேச்சு குழறியது, நிற்கும்போது கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டார், நெற்றி வியர்த்திருந்தது, மது வாடை எதுவும் எனக்குத் தெரியவில்லை’ என்று எழுதும் பழக்கம் உள்ளவர் அவரை டிஸ்பென்சரிக்கு அனுப்புவார். ‘குடித்திருந்தார்’ என்று எழுதும் பழக்கம் உள்ளவர் கேட்டுக்கு வெளியே அனுப்புவார். மது வாடை வந்திருந்தால் அதையும் அதே மாதிரி எழுதலாம்: வாடை வந்தது, இவ்வளவு அருகில் நின்றேன். வாடை வந்தாலும் டிஸ்பென்சரியில் காட்டுவது நல்லது.

பெயரடைகளை எடுத்துவிட்டால் முத்திரை போய்விட்டது என்று நினைத்துவிடக் கூடாது. வினைச்சொல்லிலும் அது ஒளிந்திருக்கும். ஒருவர் ‘சொன்னார்’, இன்னொருவர் ‘மழுப்பினார்’ என்று எழுதினால் தீர்ப்பு முடிந்துவிட்டது. ‘ஒப்புக்கொண்டார்’ என்றால் தவறு செய்தவர் என்று பொருள் வந்துவிடுகிறது. ‘தான் அமைதியாக இருந்ததாகச் சொல்லிக்கொள்கிறார்’ என்பதில் அந்த ‘கொள்கிறார்’ ஒன்றே அவரைப் பொய்யர் ஆக்கிவிடுகிறது. இருவருக்கும் ‘சொன்னார்’ போதும். எழுத்து சலிப்பாக இருக்கும், இருக்கட்டும். அதேபோல் ஒருவர் ‘அவர்’ என்றால் இன்னொருவரும் ‘அவர்’தான். இளையவரை ‘அவன்’ என்று எழுதும் பழக்கம் பல ஆலைகளில் இன்னும் இருக்கிறது. ‘புகார்தாரர்’, ‘பாதிக்கப்பட்டவர்’, ‘எதிர்த்தரப்பு’ போன்ற பெயர்களும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். பெயரையும் டோக்கன் எண்ணையும் முதலில் ஒருமுறை எழுதி, பிறகு பெயரை மட்டும் எழுதினால் போதும். தலைப்பும் அப்படித்தான்: ‘பேக்கிங் ஊழியர் மீதான புகார்’ என்று போடாமல், ‘இன்ன தேதி, இன்ன நேரம், ஸ்டோர் கவுன்ட்டரில் நடந்த வாக்குவாதம்’ என்று போடலாம். ‘ஒழுங்கீனமான நடத்தை’ என்று எழுதினால் கம்பீரமாகத் தெரியும். ஆனால் அது நிலையாணையில் தண்டனைக்குரிய குற்றமாக இருக்கும் சொல். சார்ஜ் ஷீட் எழுதுகிறவர் யோசித்துப் பயன்படுத்த வேண்டியது.

இனி, எல்லோருக்கும் இருக்கும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். நடுநிலை என்றால் இருவருக்கும் சமமாகப் பங்கு போட்டு எழுதுவது என்று நாம் நினைக்கிறோம். இன்சார்ஜின் மூன்றாவது வாக்கியத்தை மறுபடி பாருங்கள்: ‘இருவரும் ஆக்ரோஷமாகக் கத்திச் சண்டையிட்டு வேலையைக் கெடுத்தனர்.’ எழுதும்போது அவருக்கு இதுதான் மிக நியாயமான வாக்கியமாகத் தோன்றியிருக்கும். யார் பக்கமும் சாயவில்லை அல்லவா? உண்மையில் அந்தத் தாளிலேயே மிகக் கனமான தீர்ப்பு இதுதான். இருவரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள், ஒரே அளவு செய்தார்கள் என்று அது முடிவுகட்டிவிடுகிறது. பலகையில் தட்டியவர் ஒருவர்தான். விரல் நீட்டியவர் இன்னொருவர்தான். ‘இருவரும்’ என்ற சொல் இவற்றையெல்லாம் ஒன்றாகக் கலந்து, யார் எதைச் செய்தார் என்று யாருமே கண்டுபிடிக்க முடியாதபடி செய்துவிடுகிறது.

இதையே கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். ஒருவர் நான்கு நிமிடம் விடாமல் திட்டுகிறார். மற்றவர் தலை குனிந்து நிற்கிறார், ஒரே ஒருமுறை “போதும்ணா, விடுங்க” என்கிறார். இதை நடுநிலையாக எழுதினால் தாளில் முக்கால்வாசி ஒருவரைப் பற்றித்தான் இருக்கும். அது சாய்வு ஆகாது. சாய்ந்திருந்தது நிகழ்ச்சி, தாள் அதை உள்ளபடி காட்டியது. அதே நிகழ்ச்சிக்கு ‘இருவருக்கும் இடையே வாக்குவாதம் ஏற்பட்டது’ என்று எழுதினால், தலை குனிந்து நின்றவருக்கும் மெமோ போகும். இப்படித்தான் பல ஊழியர்களின் கோப்பில், அவர்கள் திட்டு வாங்கிய நாளெல்லாம் அவர்கள் சண்டை போட்ட நாளாகப் பதிவாகியிருக்கிறது. எனக்கு இதில் ஆற்றாமை உண்டு.

சமமாகப் பங்கு போடும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பதும் புரிகிறது. எழுதுகிறவர் நாளைக்கும் அந்த இருவரிடமும்தான் வேலை வாங்க வேண்டும். ஒருவர் முகம் சுளித்தாலும் உற்பத்தி குறையும். அதனால் ஆளுக்குப் பாதி என்று எழுதி அமைதியை வாங்கப் பார்க்கிறார். ஆனால் சமமாக வைக்க வேண்டியது முடிவை அல்ல, முறையை. இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்க வேண்டும். இருவருக்கும் எழுத ஒரே அளவு நேரம் கொடுக்க வேண்டும். இருவர் சொன்னதையும் அவரவர் சொல்லிலேயே எழுத வேண்டும். எழுதி முடித்தபின் ஒரு சோதனையும் உண்டு. இரண்டு பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். இதே காரியத்தை மற்றவர் செய்திருந்தால் இதே வாக்கியத்தைத்தான் எழுதியிருப்பேனா? ‘பொறுமையிழந்து’ என்ற சொல் இங்கே சிக்கிக்கொள்ளும். ஸ்டோர் ஊழியர் திட்டியதற்கு இன்சார்ஜ் ஒரு காரணம் கொடுத்திருக்கிறார். பேக்கிங் ஊழியர் பேசியதற்கு ‘தேவையில்லாமல்’ என்று காரணமே இல்லை என்று சொல்லியிருக்கிறார். லாரி 3 மணிக்கு என்பது தாளில் எங்கும் இல்லை. கையெழுத்து இல்லாத இன்டென்ட்டும் இல்லை.

அடுத்து, வார்த்தைகள். ‘தகாத வார்த்தைகளால் திட்டினார்’ என்பது நம் அலுவலகத் தமிழில் மிகவும் மரியாதையான ஒரு வழக்கம். கெட்ட வார்த்தையை எழுதக் கை கூசுகிறது, புரிகிறது. ஆனால் எந்த வார்த்தை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 1982இல் ஒரு தொழிலாளியின் வழக்கில், கடுமையாகப் பேசியதற்கு வேலைநீக்கம் அதிகப்படியான தண்டனை என்று சொன்னது. 2005இல் வேறொரு வழக்கில், மேலதிகாரியை ஆபாசமாகத் திட்டியதற்கு வேலைநீக்கம் சரிதான் என்று சொன்னது. எந்தச் சூழலில், யாரிடம், என்ன சொன்னார் என்பதை எடைபோட்டுத்தான் இப்படி வெவ்வேறு முடிவுகள் வருகின்றன. ‘தகாத வார்த்தை’ என்று மட்டும் எழுதியிருந்தால் எடைபோடத் தட்டில் வைக்க ஒன்றும் இருக்காது. அதனால் கேட்ட வார்த்தையை மேற்கோள் குறிக்குள் அப்படியே எழுத வேண்டும், பேசிய தமிழிலேயே.

பேசிய தமிழிலேயே என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் வாய்த்தகராறுகளில் பல ‘நீங்க’ என்பது ‘நீ’ ஆகும் இடத்தில்தான் பற்றிக்கொள்கின்றன. ‘டா’ சேரும் இடத்தில் கொழுந்துவிட்டு எரிகின்றன. ‘ஒருமுறை சொன்னால் புரியாதா என ஸ்டோர் ஊழியர் வினவினார்’ என்று எழுத்துத் தமிழில் எழுதினால் அந்த நெருப்பே அணைந்துவிடுகிறது. பேக்கிங் ஊழியர் ஏன் கொதித்தார் என்பது படிக்கிறவருக்குப் புரியாது; அவர் காரணமில்லாமல் கொதித்தவராகத் தெரிவார். “ஒரு தடவ சொன்னா உனக்குப் புரியாதாடா” என்று எழுதினால் ஒரு விளக்கமும் தேவையில்லை.

சாதிப் பெயர் வந்திருந்தால் இது இன்னும் கனமாகிறது. பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் ஒருவரை, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் நாலு பேர் பார்வையில் படும் இடத்தில் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் அது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் குற்றம். அந்தச் சொல்லை ‘தகாத வார்த்தை’ என்று மூடிவைப்பது ஒரு குற்றத்தையே தாளிலிருந்து எடுத்துவிடுவது. பெண் ஊழியரைப் பாலியல் தொனியில் பேசியிருந்தாலும் அப்படித்தான். அது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆலையின் உள் புகார்க் குழுவுக்குப் போக வேண்டிய விஷயமாகலாம். இங்கே எழுதுகிறவர் ‘சாதி வெறியோடு பேசினார்’ என்று எழுத வேண்டாம். சொல்லை எழுதினால் போதும். சரியாகக் காதில் விழவில்லையென்றால் ‘ஒரு சொல் எனக்குத் தெளிவாகக் கேட்கவில்லை’ என்று எழுத வேண்டும். ஊகித்து நிரப்பக் கூடாது.

வார்த்தைக்கு அடுத்து, அந்த வார்த்தை எப்படி நம் கைக்கு வந்தது என்ற கேள்வி. நானே பார்த்தது, நானே கேட்டது, பிறர் என்னிடம் சொன்னது என்று மூன்றையும் கலக்காமல் பிரித்து எழுத வேண்டும். நம் கதையில் இன்சார்ஜ் வந்தது பாதியில். அவர் வருவதற்கு முன் நடந்தது எதுவும் அவருக்கு நேரடியாகத் தெரியாது. இருந்தும் ‘பேக்கிங் ஊழியர் தகராறு செய்தார்’ என்று தொடங்கியிருக்கிறார். யார் தொடங்கியது என்ற கேள்விக்குத்தான் நாளைக்கு இருவரும் மல்லுக்கட்டப் போகிறார்கள். அதற்கான பதிலை, பார்க்காதவர் முதல் வாக்கியத்திலேயே எழுதிவிட்டார். எங்கே தொடங்குவது என்று குழப்பமாக இருந்தால், இருவரும் மறுக்காத கடைசி இடத்திலிருந்து தொடங்கலாம். இன்டென்ட் சீட்டு கவுன்ட்டருக்கு வந்தது, கையெழுத்து இல்லை, பொருள் கொடுக்கவில்லை. இது வரை இருவருக்கும் சம்மதம்.

இருவரையும் ஒன்றாக நிற்க வைத்து “என்ன நடந்தது சொல்லு” என்று கேட்கும் பழக்கத்தையும் விட வேண்டும். அங்கே இரண்டாவது ரவுண்ட் ஆரம்பித்துவிடும்; குரல் பெரியவர் சொன்னது தாளில் ஏறும். தனித்தனியாக உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஒரு கால் மணி நேரம் விட்டு, அவரவர் கையாலேயே எழுதித் தரச் சொல்லலாம். எழுத வராதவர் சொல்லச் சொல்ல நாம் எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் திரும்பப் படித்துக் காட்டிக் கையெழுத்தோ கைரேகையோ வாங்க வேண்டும். வடமாநிலத் தொழிலாளர்கள் நிறைய இருக்கும் ஆலைகளில், மொழிபெயர்த்தவர் பெயரும் தாளில் வர வேண்டும். எல்லாவற்றையும் அந்த ஷிப்ட் முடிவதற்குள் முடிப்பது நல்லது. எழுதிய நேரத்தையும் எழுத வேண்டும். மறுநாள் எழுதினால் அது இரவு முழுக்கக் கேட்ட கதைகளோடு சேர்ந்து வரும்.

இப்போது அந்தத் தாளைத் திரும்ப எழுதிப் பார்ப்போம். உண்மையான தாளில் பெயர்களும் டோக்கன் எண்களும் இருக்கும்.

“மதியம் சுமார் 2.05 மணி. நான் பேக்கிங் மேசை அருகில் இருந்தேன். ஸ்டோர் பக்கமிருந்து இரண்டு குரல்கள் கேட்டன. போய்ப் பார்த்தபோது பேக்கிங் ஊழியர் கவுன்ட்டருக்கு வெளியேயும் ஸ்டோர் ஊழியர் உள்ளேயும் நின்றிருந்தனர். பேக்கிங் ஊழியர் கவுன்ட்டர் பலகையில் வலது உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி, ‘வெளிய வாடா, பாத்துக்கலாம்’ என்று சொன்னார். ஸ்டோர் ஊழியர் விரலை நீட்டி, ‘போடா, உன்னால ஆனதப் பாரு’ என்று சொன்னார். நான் இடையில் நின்று இருவரையும் நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினர். பேக்கிங் ஊழியரைக் கேன்டீனுக்கு அழைத்துச் சென்றேன். நான் இருந்த நேரத்தில் ஒருவரை ஒருவர் தொட்டதைப் பார்க்கவில்லை. லேபிள் ரோலுக்கான இன்டென்ட் சீட்டு கவுன்ட்டரில் இருந்தது; சூப்பர்வைசர் கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது. சீட்டை இத்துடன் இணைத்துள்ளேன்.

நான் வருவதற்கு முன் நடந்தது குறித்து இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். முதலில் கேன்டீனில் இருந்தவரிடம். பேக்கிங் ஊழியர் சொன்னது: ‘நான் அண்ணான்னுதான் கேட்டேன். லாரி வருதுன்னேன். ஒரு தடவ சொன்னா உனக்குப் புரியாதாடான்னாரு. டா போட்டுப் பேசாதீங்கன்னேன். மறுபடியும் டான்னாரு. அப்புறம்தான் நானும் பேசினேன்.’ ஸ்டோர் ஊழியர் சொன்னது: ‘கையெழுத்து இல்லாம தர முடியாது தம்பின்னேன். நாளைக்கு வாங்கித் தர்றேன்னாரு. முடியாதுன்னேன். நீ என்ன ஓனரான்னு கேட்டாரு. அப்புறம்தான் நான் சத்தம் போட்டேன்.’ பின்னால் அட்டைப்பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஹெல்ப்பர் சொன்னது: ‘புரியாதாடான்னு ஸ்டோர்காரர் குரல் கேட்டுச்சு. ஓனரான்னு பேக்கிங்காரர் கேட்டதும் காதுல விழுந்துச்சு. எது முன்ன, எது பின்னன்னு சொல்லத் தெரியல.’ மூவர் எழுதித் தந்ததும் இணைப்பில் உள்ளது. எழுதிய நேரம் மாலை 4.20.”

முந்தைய தாளை விட இது நீளம்தான். ஆனால் இதில் எந்த வாக்கியத்தையும் இருவரில் ஒருவர் படித்து “நீ என்னைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று தெரிந்துவிட்டது” என்று சொல்ல முடியாது. யார் தொடங்கியது என்பது இன்னும் தீரவில்லை என்பதையும் கவனியுங்கள். ‘நீ என்ன ஓனரா’ முதலில் வந்ததா, ‘புரியாதாடா’ முதலில் வந்ததா என்பது இன்சார்ஜுக்குத் தெரியாது, ஹெல்ப்பருக்கும் தெரியாது. அதனால் தாளுக்கும் தெரியவில்லை. இரண்டு கூற்றுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துத் தைத்து ஒரே கதையாக்க நமக்குக் கை துறுதுறுக்கும். அதைச் செய்யாமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி.

‘தொட்டதைப் பார்க்கவில்லை’ என்ற வாக்கியத்தையும் ஒருமுறை பார்ப்போம். ‘கைகலப்பு எதுவும் நடக்கவில்லை’ என்று எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். ஆனால் வருவதற்கு முன் ஒருவர் மற்றவர் சட்டையைப் பிடித்திருந்தால்? இன்சார்ஜுக்கு அது தெரியாது. தான் இருந்த நேரத்துக்கு மட்டும் அவர் பொறுப்பேற்கிறார். இதைத் தீர்க்கக் கூடியது ஸ்டோர் வாசலில் கேமரா இருந்தால் அதன் பதிவுதான். பல ஆலைகளில் கேமரா குரலைப் பதிவுசெய்வதில்லை, படம் மட்டும்தான். பழைய பதிவின்மேல் புதியது தானாக ஏறி அழிந்துவிடும் என்பதால், அன்றைக்கே 1.55 முதல் 2.15 வரை எடுத்துவைக்கச் சொல்லி, சொன்ன நேரத்தையும் தாளில் குறிக்க வேண்டும்.

‘வழக்கம்போல’ என்ற சொல் புதிய தாளில் காணாமல் போனதையும் கவனித்திருப்பீர்கள். பேக்கிங் ஊழியர் முன்பும் இப்படி வந்திருக்கலாம். அப்படியானால் அந்தந்த நாளுக்கு அந்தந்தத் தாள் இருக்கும். தண்டனை பற்றி யோசிக்கும்போது ஹெச்.ஆர். அவற்றை எடுத்துப் பார்க்கட்டும். இல்லையென்றால், எழுதாத நிகழ்ச்சிகளை ஒரே சொல்லால் அவர் தலையில் ஏற்றுகிறோம். அவற்றுக்கு அவரால் பதில் சொல்லவும் முடியாது. பழைய விவகாரம் இன்றைய தாளுக்குள் நுழையும்போதுதான் மனிதருக்கு முத்திரை நிரந்தரமாக விழுகிறது.

எழுதியதில் தவறு வந்தால் வொயிட்னர் போடக் கூடாது. பழைய சொல் தெரியும்படி ஒரே கோடாக அடித்து, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சிறுகையெழுத்திட வேண்டும். அழித்த இடத்தில் என்ன இருந்தது என்ற சந்தேகம் ஒன்று போதும், மீதித் தாள் முழுவதையும் யாரும் நம்பாமல் போக.

கடைசியாக, கையெழுத்து. அவரவர் சொன்னதாக எழுதிய பகுதியை அவரவருக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கும்போது, ஒருவர் போடமாட்டேன் என்று சொல்வது அடிக்கடி நடக்கும். உடனே ‘கையெழுத்திட மறுத்தார்’ என்று எழுதிவிடத் தோன்றும். அதைப் படிக்கிறவருக்கு அவர் எதையோ மறைக்கிறவர் மாதிரித் தெரியும். அதற்கு முன்னால் ஏன் என்று கேட்டு, அவர் சொல்லும் பதிலை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். நம் கதையில் பேக்கிங் ஊழியர் “லாரிக்காரர் வெளிய நின்னு ஆரன் அடிச்சிட்டே இருந்தாருங்க, அத விட்டுட்டீங்க” என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அந்த வரியைச் சேர்த்து மறுபடி படித்துக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அதற்குப்பின் போட்டுவிடுவார். அப்போதும் போடவில்லையென்றால், படித்துக் காட்டிய நேரம், அவர் சொன்ன காரணம், அப்போது உடன் இருந்த ஒருவரின் கையெழுத்து ஆகிய மூன்றும் தாளில் இருந்தால் போதும். தாளின் ஒரு நகலை அவரிடமும், இன்னொன்றைக் கையெழுத்துப் போட்டவரிடமும் அன்றைக்கே கொடுத்துவிடலாம்.